பல்செட்டுக்கு அடியில் பூஞ்சை, முன்கையில் ரத்தக்கட்டு: குடியாத்தத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் 66 வயதான ஒரு அம்மா, குடியாத்தத்தில் உள்ள என் பல் மருத்துவ நிலையத்துக்குத் தம் மகளுடன் வந்தார். இரண்டு நாட்களாகப் பல்செட்டைக் கழற்றும்போதெல்லாம் அதன் ஓரத்தில் ரத்தம் ஒட்டியிருக்கிறது, எங்கோ உரசுகிறது போலும், அந்த இடத்தைக் கொஞ்சம் ராவிக் கொடுத்தால் போதும் என்பதே அவர் கேட்டது. மேலும் கீழும் முழுப் பல்செட் அணிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு இருந்தது. அதற்குப் பி காம்ப்ளக்ஸ் மாத்திரைகளை இரண்டு வாரம் சாப்பிட்டும் ஆறவில்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

ராவும் கருவியை எடுப்பதற்கு முன் மேல் பல்செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். மேலண்ணம் முழுவதும் அடர்சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு பல்செட் முடியும் கோட்டில், வரைந்து வைத்ததுபோல், அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த மென்மையான பகுதி இயல்பான இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. நடு அண்ணத்தில் மட்டும் சிறு சிறு மணிகளாகச் சொரசொரப்பான ஒரு திட்டு இருந்தது. கீழ் ஈறில் ஒன்றுமில்லை. எரிகிறதா என்று கேட்டதற்கு, "எரிச்சலெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டரம்மா, ஓரத்துல வெடிச்சதுதான் வாயைத் தொறக்க விடலை" என்றார்.

வாய்ப் பூஞ்சை என்றால் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு; குழந்தைகளின் நாக்கில் அப்படித்தான் வருகிறது. பல்செட்டுக்கு அடியில் வருவது பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும், வலியும் இராது. அதனால்தான் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறது. அதை முதலில் காட்டிக்கொடுப்பது அண்ணம் அல்ல, வாயோர வெடிப்பு. பல்செட்டின் பற்கள் தேயத் தேய மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் இடையிலான உயரம் குறைந்து, வாயோரம் மடிந்து, அந்த மடிப்பில் எச்சில் தேங்கி, உள்ளே இருக்கும் அதே பூஞ்சை அங்கேயும் குடியேறுகிறது. வைட்டமின் குறைவாலும் வாயோரம் வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பல்செட் அணிந்தவரின் வாயோரம் வெடித்திருந்தால், மாத்திரை கொடுப்பதற்கு முன் மேல் பல்செட்டை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

சிவப்பு கீழே இல்லாமல் மேலே மட்டும் இருந்ததற்குக் காரணம் உண்டு. மேல் பல்செட் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு அடியில் எச்சில் ஓடுவதில்லை. கீழ் பல்செட்டுக்கு அடியில் எச்சில் தாராளமாகப் புகுந்து அலம்பிவிடுகிறது. எச்சில் எட்டாத அந்த இருட்டில், அமிலம் மிகுந்த ஈரத்தில், கேண்டிடா என்னும் பூஞ்சை செழிக்கிறது. பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் வெளிப்புறத்தைத்தான் பளபளவென்று மெருகேற்றுகிறோம். அண்ணத்தோடு படியும் உட்புறத்தை மெருகேற்றினால் பிடிப்பு போய்விடும் என்பதால் சொரசொரப்பாகவே விடுகிறோம். அந்தச் சொரசொரப்பில் பூஞ்சை ஒரு படலமாக ஒட்டிக்கொள்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நோய் தெரிவது அண்ணத்தில், நோய் வாழ்வது பல்செட்டில்.

பல்செட்டின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்ததை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்ததில், பூஞ்சையின் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. அக்ரிலிக் ஒவ்வாமையோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஒவ்வாமை என்றால் எரிச்சல் முன்னிற்கும், பல்செட் தொடும் நாக்கிலும் கன்னத்திலும் சிவப்பு இருக்கும், பெரும்பாலும் புதிய பல்செட்டில்தான் வரும். உரசலால் வந்த புண் என்றால் ஓரிடத்தில் குழியாக இருந்திருக்கும்.

இவ்வளவும் பல் மருத்துவர் எவரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராதது அவர் கையில் இருந்தது. பல்செட்டைத் திருப்பித் தந்தபோது அவருடைய முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்ததைக் கண்டேன். எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்றேன். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றார்.

அந்தப் பையில் இருந்தவை

வேலூர்ப் பக்கத்தில் நாட்பட்ட நோயாளிகள் பெரும்பாலோர் தம் மருந்துகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவருவது வழக்கம். அதைக் கொட்டிப் பார்க்காமல் வாயில் கை வைப்பதில்லை என்பதை நானும் ஒரு வழக்கமாக வைத்திருக்கிறேன். அன்று அதைச் செய்வதற்கு முன் வாயைப் பார்த்துவிட்டேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருந்தது. இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதான மைட்ரல் என்னும் இதய வால்வை 14 ஆண்டுகளுக்கு முன் மாற்றி உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டு வந்தார். கூடவே, பாதி தீர்ந்துபோன, 2 சதவீத மைக்கோனசோல் வாய்ஜெல் டியூப் ஒன்றும் இருந்தது.

வாயோர வெடிப்புக்கு மாத்திரை கேட்காததால், ஒன்பது நாட்களுக்கு முன் மகள் மருந்துக்கடையில் கேட்டு அதை வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர் பூஞ்சை என்று ஊகித்தது சரி. தேர்ந்த மருந்தும் பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

வாயில் தடவும் ஜெல் வாயோடு நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. மைக்கோனசோல் அப்படி நிற்பதில்லை. வாயின் உட்சவ்வு வழியாகவும், விழுங்கப்படும் ஜெல்லின் வழியாகவும் ஓரளவு ரத்தத்தில் கலக்கிறது. கலந்ததும், அசினோகூமரால், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. அதனால் அன்றாடம் சாப்பிடும் அதே அளவு மாத்திரை உடலில் சேர்ந்து சேர்ந்து, கூடுதல் அளவு சாப்பிட்டதுபோல் ஆகிவிடுகிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் வாய்ஜெல் உட்பட மேலே பூசும் மைக்கோனசோலையும் வார்ஃபரினையும் சேர்த்துப் பயன்படுத்துவதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டு, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் மைக்கோனசோல் ஜெல்லை வார்ஃபரின் சாப்பிடுவோர் பயன்படுத்தவே கூடாது என்றும் அறிவித்தது. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதே ஜெல் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். இந்த அம்மா மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டதால் அந்த ஒன்றிலிருந்து தப்பினார்.

அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, உலோக மைட்ரல் வால்வு உள்ளவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். முந்தைய மாதம் அவருக்கு 2.8 இருந்தது. இப்போது 6.2. வேலூரில் அவரைக் கவனித்துவந்த இதயப் பிரிவுடன் தொலைபேசியில் பேசி, அன்று மாலையே மகளுடன் அனுப்பிவைத்தேன். பெரிய ரத்தக்கசிவு இல்லாததால் அவர்கள் வைட்டமின் கே ஊசி போடவில்லை. உலோக வால்வு உள்ளவருக்கு ரத்தம் திடீரென உறையத் தொடங்கினால் அது வேறொரு ஆபத்து. மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, தினமும் அளந்து, பிறகு குறைந்த அளவில் தொடங்கினார்கள். ஆறாம் நாள் 2.9-க்கு வந்தது. பல்செட்டின் ஓரத்தில் ரத்தம் ஒட்டுவதும் அதோடு நின்றது. முதல் நாள் கேட்டபடி நான் பல்செட்டை ராவிக் கொடுத்திருந்தால், ரத்தம் வருவதற்கான காரணம் உடலுக்குள் இருக்க, நல்ல பொருத்தத்தைக் கெடுத்து அனுப்பியிருப்பேன்.

ஜெல் இல்லையென்றால் எது?

கையில் இருந்த வழிகள் மூன்று. முதலாவது ஃபுளூகோனசோல் மாத்திரை. சாப்பிட எளிது, ஆனால் மைக்கோனசோல் தடுக்கும் அதே நொதியை இதுவும் தடுக்கிறது, அதுவும் உடல் முழுவதும் சென்று. ஆகவே அது நீங்கியது.

இரண்டாவது, வாயில் கரைத்துச் சப்பும் குளோட்ரிமசோல் வில்லை. 10 மில்லிகிராம் வில்லையை ஒரு நாளைக்கு ஐந்து முறை, 14 நாட்கள் என்பது அதன் முறை. விழுங்காமல், கடிக்காமல், 15 முதல் 30 நிமிடம் வரை தானாகக் கரையவிட வேண்டும். பல்செட்டைப் போட்டுக்கொண்டே சப்பினால் மருந்து நாக்கையும் கன்னத்தையும் நனைத்துவிட்டுப் போகும். நோயுள்ள அண்ணத்தை எட்டாது. இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கரைவதற்கு எச்சிலும் வேண்டும். இந்த அம்மாவுக்குச் சர்க்கரையினால் வாய் சற்று வறண்டே இருந்தது. குளோட்ரிமசோல் ரத்தத்தில் கலப்பது மைக்கோனசோலைவிடக் குறைவு என்றாலும், 6.2-ஐப் பார்த்த பிறகு அந்தக் குறைவை நம்பிப் பரிசோதிக்க எனக்கு மனம் வரவில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடாதவராக, எச்சில் நன்றாகச் சுரப்பவராக இருந்திருந்தால் வில்லையோ, 1 சதவீத குளோட்ரிமசோல் வாய்ப்பூச்சோ, ஏன், அந்த மைக்கோனசோல் ஜெல்லே கூட, நல்ல தேர்வாக இருந்திருக்கும். ஜெல்லுக்கு ஒரு தனி வசதியும் உண்டு: பல்செட்டைத் தேய்த்துக் கழுவியபின் உட்புறத்தில் மெல்லத் தடவி அணிந்தால், பல்செட்டே மருந்தை அண்ணத்தின்மீது பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது நிஸ்டாட்டின் திரவம். இது குடலிலிருந்தோ வாயிலிருந்தோ ரத்தத்தில் ஏறக்குறையக் கலப்பதே இல்லை. அதனால் மற்ற மருந்துகளோடு மோதுவதில்லை. பூஞ்சையைத் தொட்டால்தான் வேலை செய்யும் என்பதே அதன் பலமும் பலவீனமும். சுவை பிடிக்காது, பெரும்பாலான தயாரிப்புகளில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கும், எங்கள் ஊர்க் கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதைத்தான் கொடுத்தேன். மில்லிக்கு ஒரு லட்சம் யூனிட் உள்ள திரவத்தில் 5 மில்லியை நாளுக்கு நான்கு முறை, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும், இரண்டு பல்செட்டையும் கழற்றிவிட்டு, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து அண்ணத்தில் படுமாறு சில நிமிடம் வைத்திருந்து விழுங்க வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 14 நாட்கள். வாயோர வெடிப்புக்கு மட்டும் நிஸ்டாட்டினைப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொன்னேன்.

இதனுடன் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியைச் சேர்த்துக் கொடுப்பது பலரின் வழக்கம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்யும். கொடுத்தே ஆக வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். நான் கொடுக்கவில்லை.

பல்செட்டைக் கழுவியது எப்படி, கழுவ வேண்டியது எப்படி

வீட்டில் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் கழுவுகிறோம் என்பார்கள். எனவே கேட்பதைவிட, அழுக்கு இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் திரவத்தைப் பல்செட்டில் தடவிக் குழாயில் அலசிக் காட்டினேன். பற்களின் முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. உட்புறம் முழுக்க ரோஜா நிறமானது. அந்த அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் பல்பொடி தொட்டு முன்பக்கத்தைத் தேய்த்துவிட்டு, உட்புறத்தைத் தண்ணீரில் அலசி உடனே போட்டுக்கொள்வதுதான் அவர் முறை. அதன்பின் மறுநாள் காலை வரை கழற்றுவதில்லை. "மாப்பிள்ளை வீட்டோட இருக்காருங்க, பொக்கை வாயோட எப்படிங்க நடமாடறது" என்றார். மேலண்ணத்து நோய்க்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: இரவில் கழற்றாதது.

அவருக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடித்துக் கழுவ வேண்டும். கை நழுவினால் தண்ணீரில் விழும், உடையாது. பல்பொடியும் பற்பசையும் வேண்டாம், அவை அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுப் பூஞ்சைக்கு இன்னும் இடம் கொடுக்கும். மென்மையான தூரிகையில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளி போதும். முதலில் உட்புறம், பிறகுதான் பற்கள். நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிட்ட அன்று விதைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை உட்புறத்தைத் தடவிப் பார்த்தாலே தெரியும். ஈறையும் அண்ணத்தையும் நாக்கையும் ஈரத்துணி சுற்றிய விரலால் துடைக்க வேண்டும்.

தேய்ப்பது படலத்தைக் கிளப்பும், கொல்லாது. அதற்கு ஊறவைக்க வேண்டும். அவருடைய பல்செட் முழுக்க அக்ரிலிக், உலோகமோ மென்பூச்சோ இல்லை என்பதால் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தைத் தேர்ந்தேன். 4 முதல் 5 சதவீதம் என்று அச்சிட்ட, வாசனையோ சோப்போ சேர்க்காத திரவத்தில் 20 மில்லியை 180 மில்லி தண்ணீரில் கலந்து, சிகிச்சை நடந்த இரண்டு வாரமும் நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம். அதற்கு மேல் விட்டால் பல்செட்டின் ஈறு நிறம் வெளுத்துவிடும். பிறகு ஓடும் நீரில் நன்றாக அலசி, இரவு முழுவதும் வெறும் தண்ணீரில், மூடியுள்ள டப்பாவில். உலோகச் சட்டம் கொண்ட பகுதிப் பல்செட்டாக இருந்தால் இந்தத் திரவம் உலோகத்தை அரித்துவிடும். அப்போது குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதத்தில் 20 நிமிடம் ஊறவைக்கலாம், தேநீரும் வெற்றிலையும் உள்ள வாயில் அது பழுப்புக் கறை ஏற்றும் என்பதை ஏற்றுக்கொண்டு. நுரைக்கும் மாத்திரைகள் கறையை நீக்கும், தேய்த்தலுக்குத் துணையாகும். தேய்க்காமல் அவற்றை மட்டும் நம்பினால் படலம் அப்படியே இருக்கும்.

மகள் இரண்டு கேள்விகள் கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறதே, அது ஆகாதா? ஆகாது, அதன் வீரியம் டப்பா திறந்த நாளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும், அளவு தெரியாது, சுண்ணாம்பும் படியும். கொதிநீரில் போட்டால் கிருமி செத்துவிடாதா? பூஞ்சை சாகும், பல்செட்டும் வளைந்துவிடும்; பிறகு அண்ணத்தில் ஒட்டாது. எங்கள் பகுதியின் உப்புத் தண்ணீரில் வெண்படிவு ஏறினால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஊறவைக்கலாம், ஆனால் ஹைப்போகுளோரைட் போட்ட பாத்திரத்தில் வினிகரையோ எலுமிச்சையையோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. குளோரின் வாயு வெளிவரும்.

பின்தொடர்ந்தது

ஏழாம் நாள் சிவப்பு வெளிறியிருந்தது. 14-ஆம் நாள் அண்ணம் இளஞ்சிவப்புக்குத் திரும்பியது, வாயோரமும் ஆறியது. நடுவில் இருந்த மணித்திட்டு மட்டும் சுருங்கியதே தவிரப் போகவில்லை. அது நெடுநாள் எரிச்சலில் திசு தடித்து வளர்ந்தது. பூஞ்சை மருந்து அதைக் கரைக்காது. ஒரு பக்கமாக, கடினமாக, ஆறாத புண்ணாக இருந்திருந்தால், அதுவும் புகையிலை போடுபவராக இருந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்திருப்பேன். நிஸ்டாட்டின் முடிந்த வாரத்தில் ஐ.என்.ஆர். 3.0.

மே மாதக் கடைசியில் அவர் மீண்டும் வந்தார், அண்ணம் மறுபடியும் சிவந்து. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் பத்து நாள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் இரவும் பகலும் பல்செட் வாயிலேயே இருந்திருக்கிறது. இந்த முறை மருந்து எதுவும் எழுதவில்லை. இரவில் கழற்றுவது, சோப்பில் தேய்ப்பது, பத்து நிமிடம் ஊறவைப்பது ஆகிய மூன்றை மட்டும் மறுபடி தொடங்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் அண்ணம் பழைய நிறத்துக்கு வந்தது. முதல் முறை குணமானதில் நிஸ்டாட்டினின் பங்கு எவ்வளவு, பல்செட்டைக் கழற்றியதன் பங்கு எவ்வளவு என்று எனக்கிருந்த கேள்விக்கு, திருவிழா ஏறக்குறைய விடை சொல்லிவிட்டது.

ஒன்பது ஆண்டுகள் தேய்ந்த பல்செட்டில் எவ்வளவு தேய்த்தாலும் நுண்துளைகளில் பூஞ்சை மிஞ்சும். உயரம் குறைந்திருப்பதால் வாயோரமும் மறுபடி வெடிக்கும். ஆகவே ஜூலையில் உயரத்தைச் சரிசெய்து புதிய பல்செட் செய்து கொடுத்தோம். பொருத்திய அன்று அவர் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்: மாப்பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குப் போய்விடுகிறார், அவர் படியேறும் சத்தம் கேட்டதும் பல்செட் டப்பாவுக்குள் போய்விடுகிறது. துணிப்பையின் உள்பக்கத்தில் மகள் ஒரு அட்டையைத் தைத்து வைத்திருந்தார். அதில் அசினோகூமரால் என்ற பெயரும், அதற்குக் கீழே "வாய்க்குத் தடவும் ஜெல் கேட்காமல் வாங்கக் கூடாது" என்றும் எழுதியிருந்தது.